ரிப்போர்ட்டில் எண் இறங்கினால் போதுமா?

தைராய்டு ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தால் இப்போதெல்லாம் டிஎஸ்ஹெச்சோடு சேர்ந்து ‘ஆன்டி டிபிஓ’ என்று இன்னொரு வரியும் வருகிறது. இருக்க வேண்டிய அளவு என்று முப்பத்துச் சொச்சம் ஒன்றை ஆய்வகம் அச்சிட்டிருக்கும். பக்கத்தில் 480, 900, சிலருக்கு ‘1,300க்கு மேல்’ என்று தடித்த எழுத்தில் ஓர் எண் நிற்கும். அதைப் பார்த்து மிரளாதவர்கள் குறைவு. தைராய்டு மாத்திரையோடு செலினியம் கேப்ஸ்யூலும், வாரம் ஒருமுறை பாலில் கலக்கிக் குடிக்கும் வைட்டமின் டி பொட்டலமும் வீட்டுக்கு வந்து சேருவது பெரும்பாலும் அந்த எண்ணைக் குறைப்பதற்காகத்தான்.

இது ஏதோ சிலருடைய கதை அல்ல. சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தது. டிபிஓ ஆன்டிபாடி இருந்தவர்களோ ஏறக்குறைய 22 சதவீதம். அதாவது, நோய் வந்தவர்களைப்போல இரு மடங்கு பேர் அந்த எண்ணைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு மாத்திரைக்கு இதைவிடப் பெரிய சந்தை எங்கே கிடைக்கும்?

செலினியம் அந்த எண்ணைக் குறைக்கிறதா என்று கேட்டால், குறைக்கிறது. வைட்டமின் டி-யும் சில ஆய்வுகளில் குறைத்திருக்கிறது. இதை மறுக்க வேண்டியதில்லை. நான் கேட்பது அடுத்த கேள்வி: எண் குறைந்தவருக்கு வேறு என்ன மாறியது? இந்த இருபது ஆண்டு ஆராய்ச்சியை அந்தக் கேள்வியோடு படித்தால் கடைக்காரர் சொல்லும் கதையிலிருந்து வேறான ஒரு கதை கிடைக்கிறது.

முதலில் அந்த எண் எதைக் காட்டுகிறது என்று பார்த்துவிடலாம். தைராய்டு பெராக்ஸிடேஸ் என்பது சுரப்பியின் செல்களுக்குள் அயோடினைப் பிடித்து ஹார்மோனில் பொருத்தும் நொதி. அதன் சுருக்கம்தான் டிபிஓ. ஹாஷிமோட்டோ நோயில் உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் சுரப்பியையே அந்நியமாக நினைத்துத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலை முன்னின்று நடத்துபவை டி-செல்கள் எனப்படும் வெள்ளையணுக்கள். டிபிஓ ஆன்டிபாடி அந்தச் சண்டை நடக்கிறது என்பதற்கான அடையாளம். சண்டையின் தளபதி அல்ல. சண்டை எவ்வளவு உக்கிரம் என்பதை அளக்கவும் அது அவ்வளவாக உதவாது. இங்கிலாந்தின் விக்கம் பகுதி மக்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 1995-இல் வெளியான ஆய்வு இன்றும் இதில் அடிப்படை. ஆன்டிபாடி இருந்து, டிஎஸ்ஹெச் சரியாக இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் தைராய்டு குறைபாடு வந்தது. டிஎஸ்ஹெச்சும் சேர்ந்து ஏறியிருந்தால் அது நான்காகக் கூடியது. மருத்துவர் மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பது டிஎஸ்ஹெச்சையும் டி4-ஐயும் வைத்துத்தான். டிபிஓ 900-லிருந்து 500 ஆனதால் 75 மைக்ரோகிராம் மாத்திரையை 50 ஆக்கிய மருத்துவர் இருக்க முடியாது.

‘ஏன் இந்தச் சுரப்பி சோர்ந்துபோனது’ என்ற கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்லிவிட்டால் டிபிஓ சோதனையின் வேலை அநேகமாக முடிந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் ஆய்வகத்துக்கு லாபம் உண்டு.

செலினியத்தைப் பற்றிய நம்பிக்கை மூடநம்பிக்கையாகப் பிறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உடலில் ஒரு கிராம் திசுவுக்கு எவ்வளவு செலினியம் என்று கணக்குப் போட்டால் தைராய்டுதான் முதலிடத்தில் நிற்கும். காரணம் இருக்கிறது. ஹார்மோன் தயாரிக்க அந்தச் சுரப்பிக்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடு தேவை. அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தேவைக்கு மேல் அது தங்கிவிட்டால் செல்லையே அரித்துவிடும். மிச்சத்தைச் சிதைத்து அப்புறப்படுத்தும் நொதிகளில் செலினியம் இருக்கிறது. டி4 ஹார்மோனை உடலுக்கு நேரடியாகப் பயன்படும் டி3-ஆக மாற்றும் நொதிகளும் செலினியத்தை நம்பியவை. அப்படியானால் செலினியம் குறைந்த உடலில் சுரப்பி எளிதில் புண்படும், கொடுத்தால் ஆறும் என்று யோசிப்பது நியாயம்தான்.

ஜெர்மனியில் கேர்ட்னர் குழுவினர் அதைச் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். எழுபது பெண்கள், மூன்று மாதம், நாளுக்கு 200 மைக்ரோகிராம் சோடியம் செலினைட். மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. செலினியம் எடுத்தவர்களின் டிபிஓ ஆரம்ப அளவில் 64 சதவீதமாக இறங்கியது. போலி மாத்திரைக்காரர்களுக்கு 88 சதவீதம். அடுத்த ஆண்டே கிரேக்கத்திலிருந்து வந்த ஆய்வில் ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் இறங்கியது. இன்று கேப்ஸ்யூல் டப்பாக்களில் நாம் பார்க்கும் ‘200’ என்ற அளவுக்கு வேர் இந்த ஆய்வுகளில் இருக்கிறது.

அதன் பிறகு வந்தவை ஒரே குரலில் பேசவில்லை. 2008-இல் வியன்னாவிலும், 2014-இல் ஆம்ஸ்டர்டாமிலும் அதே 200 மைக்ரோகிராமைக் கொடுத்துப் பார்த்தபோது ஆன்டிபாடி அசையவில்லை. 2013-இல் காக்ரேன் அமைப்பு தன் கண்டிப்பான அளவுகோலுக்குள் வந்த நான்கு ஆய்வுகளை, மொத்தம் 463 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்து, இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று எழுதியது. நோயாளியின் வாழ்க்கைத் தரம் மாறியதா, அவர் எடுக்கும் ஹார்மோன் மாத்திரையின் அளவு குறைந்ததா என்ற கேள்விகளுக்கு அந்த ஆய்வுகளில் உருப்படியான விடையே இல்லை. பத்தாண்டுகளாக உலகம் ஆன்டிபாடியை மட்டும் அளந்துகொண்டிருந்தது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் டென்மார்க்கில் ‘கேட்டலிஸ்ட்’ என்ற ஆய்வு திட்டமிடப்பட்டது. தன்னுடல் தாக்கு நோயால் தைராய்டு குறைந்து, ஏற்கெனவே ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 412 பேர். பாதிப் பேருக்கு ஓராண்டு முழுக்க நாளுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் சேர்ந்த ஈஸ்ட். மறுபாதிக்கு அதே தோற்றத்தில் போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முதன்மையாக அளந்தது ஆன்டிபாடியை அல்ல. களைப்பு, மந்தம், மனச்சோர்வு, அன்றாட வேலையில் தடை ஆகியவற்றைக் கேட்டு மதிப்பெண் போடும், தைராய்டு நோயாளிகளுக்கென்றே உருவாக்கிய கேள்வித்தாளை வைத்து வாழ்க்கைத் தரத்தை அளந்தார்கள். முடிவு 2024-இல் வெளியானது.

செலினியம் எடுத்தவர்கள் தேறினார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களும் அதே அளவுக்குத் தேறினார்கள். இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஹார்மோன் மாத்திரையின் அளவிலும் வித்தியாசம் இல்லை. செலினியம் தரப்பில் டிபிஓ மட்டும் கூடுதலாக இறங்கியது.

இந்த ஆய்வை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் அது ‘பலனில்லை’ என்று சொன்னதுகூட அல்ல. எண் இறங்குவதும் ஆள் தேறுவதும் தனித்தனி விஷயங்கள் என்பதை ஒரே கூட்டத்தில், ஒரே காலத்தில் அது காட்டிவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. ‘செலினியம் ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உடம்பு லேசாச்சு’ என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் தேறியது உண்மை. மோசமாக இருக்கும் நாளில்தான் மனிதர்கள் புது மருந்தைத் தொடங்குவார்கள். மோசமான நாள் தானாகவே கொஞ்சம் நல்ல நாளாக மாறும். யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற தெம்பும் சேரும். போலி மாத்திரைத் தரப்பு தேறியது அதனால்தான். அந்தத் தரப்பு இல்லாத ஓர் ஆய்வைச் செய்திருந்தால், ‘செலினியத்தால் களைப்பு போனது’ என்ற தலைப்போடு அது வெளிவந்திருக்கும்.

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. 2024-இலேயே வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஹார்மோன் மாத்திரை இன்னும் தொடங்காதவர்களில் செலினியம் டிஎஸ்ஹெச்சைக் கொஞ்சம் குறைப்பதாகச் சொல்கிறது. ஆரம்ப நிலையில் உள்ள சிலருக்கு இது உதவக்கூடும் என்ற வாசல் முழுதாக மூடவில்லை. ஆனால் கொஞ்சம் குறைந்த டிஎஸ்ஹெச், பின்னாளில் மாத்திரை தேவைப்படாமல் செய்யுமா என்பதை நீண்டகால ஆய்வுதான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், அதற்கு முன்பே எல்லோருக்கும் எழுதிக்கொடுப்பது அவசரம்.

செலினியம் விஷயத்தில் ஒருவர் எந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிடுகிறார் என்பதும் சேர்கிறது. இதற்குச் சீனாவின் ஷான்ஸி மாகாணம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே செலினியம் போதுமான ஒரு மாவட்டத்தையும் குறைந்த ஒரு மாவட்டத்தையும் எடுத்துக்கொண்டு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். 2015-இல் வெளியான கணக்குப்படி, போதுமான இடத்தில் தைராய்டுக் கோளாறு 18 சதவீதம். குறைந்த இடத்தில் 30 சதவீதத்துக்குச் சற்று மேல். ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் மண்ணில் செலினியம் குறைவு. முதல் ஆய்வுகள் அங்கிருந்து வந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது.

செலினியம் உருப்படியாக உதவிய ஓர் இடம் இருக்கிறது என்றால் அதுவும் அந்த மண்ணில்தான். கிரேவ்ஸ் என்ற மிகைச்சுரப்பு நோயில் சிலருக்குக் கண்கள் வீங்கிப் பிதுங்கும். இந்தக் கண்நோய் லேசாக இருந்த 159 பேரை ஐரோப்பிய மருத்துவர்கள் மூன்றாகப் பிரித்து, ஒரு தரப்புக்கு ஆறு மாதம் நாளுக்கு இருமுறை 100 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்தார்கள். 2011-இல் வந்த முடிவில் கண் தேறியவர்கள் செலினியம் தரப்பில் 61 சதவீதம், போலி மாத்திரைத் தரப்பில் 36 சதவீதம். மோசமானவர்கள் 7-க்கு 26. இங்கே அளந்தது ஆன்டிபாடியை அல்ல. நோயாளியின் கண்ணையும் அவருடைய அன்றாடத்தையும். அதனால்தான் ஐரோப்பிய வழிகாட்டி நெறி, செலினியம் குறைந்த பகுதிகளில், புதிதாகத் தொடங்கிய லேசான கண்நோய்க்கு ஆறு மாதம் கொடுக்கலாம் என்கிறது. இத்தனை நிபந்தனைகளோடு சொன்ன ஒரு பரிந்துரை, கடைக்கு வரும்போது ‘தைராய்டுக்குச் செலினியம் நல்லது’ என்று சுருங்கிவிடுகிறது.

நம் நாட்டில் ‘நமக்கெல்லாம் குறைவாகத்தான் இருக்கும்’ என்று எடுத்தெடுப்பில் நினைத்துவிட முடியாது. பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் மாவட்டங்களின் சில கிராமங்களில் மண்ணிலேயே செலினியம் அளவுக்கு மீறி இருக்கிறது. சிவாலிக் மலையிலிருந்து மழைவெள்ளம் அடித்துக்கொண்டுவந்து படியவைத்தது அது. அந்த வயல் தீவனத்தைத் தின்ற மாடுகளுக்கு முடி உதிர்ந்து, குளம்பு கழன்றதை லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே நாட்டுக்குள் கோதுமைக்குக் கோதுமை செலினியம் மாறும்போது, ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் 200 மைக்ரோகிராமைக் கூட்டுவது கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிவதுதான்.

கல் எங்கே விழும்? நம் உணவுக்கான பரிந்துரை ஒரு பெரியவருக்கு நாளுக்கு 40 மைக்ரோகிராம், அமெரிக்காவில் 55. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல், உணவும் மாத்திரையும் சேர்த்து 255-ஐத் தாண்டக் கூடாது என்று மேல்வரம்பை முன்பிருந்த 300-லிருந்து இறக்கியது. தேவைக்கும் வரம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி இவ்வளவு குறுகலாக இருக்கும் சத்துகள் அதிகம் இல்லை. அமெரிக்காவில் தோல் புற்றுநோயைத் தடுக்கக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், நாளுக்கு அதே 200 மைக்ரோகிராம் எடுத்தவர்களைச் சராசரியாக ஏழரை ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்தபோது, 58 பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. போலி மாத்திரைத் தரப்பில் 39. ஆரம்பத்திலேயே செலினியம் நிறைந்திருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம். பின்னால் வந்த மிகப் பெரிய ஆய்வொன்று இதை அப்படியே உறுதிப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் சர்க்கரை நோய்க் குடும்பங்கள் நிறைந்த ஊரில், பலன் தெரியாத மாத்திரைக்காக இந்தச் சந்தேகத்தை ஏன் சுமக்க வேண்டும்?

மிகையானால் எப்படித் தெரியும் என்பதற்கு 2008-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்தே பாடநூல். ஒரு திரவ ஊட்டச்சத்தில் கலவை தவறி, லேபிளில் போட்டதைவிட ஏறக்குறைய 200 மடங்கு செலினியம் சேர்ந்துவிட்டது. இருநூறு பேர் பாதிக்கப்பட்டார்கள். வயிற்றுப்போக்கு, மூட்டுவலி, களைப்பு, கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, நகம் நிறம் மாறி உடைவது. சாதாரண கேப்ஸ்யூலில் இந்த அளவு விஷம் ஏறாது. ஆனால் இதிலுள்ள குரூரமான பொருத்தத்தைக் கவனியுங்கள்: களைப்பும் முடி உதிர்வும்தான் தைராய்டு குறைந்தவர்களும் சொல்லும் குறைகள். இரண்டு மூன்று டப்பாவிலிருந்து செலினியம் சாப்பிடுபவருக்கு முடி கொட்டினால், ‘தைராய்டு இன்னும் அடங்கவில்லை’ என்று இன்னொரு டப்பா வாங்குவதற்கே வாய்ப்பு அதிகம். மூச்சில் பூண்டு வாடையும் நகத்தில் வெள்ளைக் கோடும் சேர்ந்தால் சந்தேகம் செலினியத்தின் மேல் திரும்ப வேண்டும்.

வைட்டமின் டி-யின் கதையை இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தைராய்டு ஆன்டிபாடி உள்ளவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. டெல்லியில் 642 பேரைப் பார்த்த 2009 ஆய்விலும் அப்படி ஒரு தொடர்பு கிடைத்தது. ஆனால் மிக மெலிந்த தொடர்பு. நம் ஊரில் யாரைச் சோதித்தாலும் வைட்டமின் டி குறைவு. உடல் எடை கூடினாலும், வீட்டுக்குள்ளேயே இருந்தாலும், உள்ளே அழற்சி இருந்தாலும் அது இறங்கும். நோயால் டி குறைந்ததா, டி குறைந்ததால் நோய் வந்ததா என்பதை இரண்டையும் ஒருநாள் அளந்து பார்த்துச் சொல்ல முடியாது. கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. புதிதாக நோய் தெரிந்த நூறு பேர். பாதிப் பேருக்கு எட்டு வாரம், வாரத்துக்கு 60,000 யூனிட் வைட்டமின் டி-யும் நாள்தோறும் கால்சியமும்; மறுபாதிக்குக் கால்சியம் மட்டும். டிபிஓ கால் பங்குக்கு மேல் இறங்கியவர்கள் வைட்டமின் தரப்பில் 68 சதவீதம், மற்றதில் 44 சதவீதம். இதை மேற்கோள் காட்டுபவர்கள் 68-ஐ மட்டும் சொல்வார்கள். எனக்கு அந்த 44-தான் கண்ணில் படுகிறது. வைட்டமின் டி கொடுக்காமலே பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த எண் தானாகக் கால்வாசிக்கு மேல் இறங்கியிருக்கிறது. இவ்வளவு ஊசலாடும் ஓர் எண்ணை மூன்று மாதத்துக்கொருமுறை பார்த்து மகிழ்வதிலும் வருந்துவதிலும் என்ன இருக்கிறது?

எண்ணைத் தாண்டிப் பார்த்த ஆய்வுகள் ஏமாற்றியே இருக்கின்றன. நார்வேயில் தெற்காசியா உள்ளிட்ட பகுதிகளிலிருந்து குடியேறிய 251 பேரிடம் வைட்டமின் டி-யைப் பதினாறு வாரம் சோதித்துப் பார்த்தபோது தைராய்டின் செயல்பாடும் மாறவில்லை, ஆன்டிபாடியும் மாறவில்லை. டென்மார்க்கில் கிரேவ்ஸ் நோயாளிகள் 278 பேரில் ஒரு தரப்புக்கு, வழக்கமான மருந்தோடு நாளுக்கு 70 மைக்ரோகிராம், அதாவது 2,800 யூனிட், சேர்த்துக் கொடுத்தார்கள். மருந்தை நிறுத்திய பிறகு நோய் திரும்பாமல் இருக்குமா என்பது கேள்வி. திரும்பியது, வைட்டமின் தரப்பில் கொஞ்சம் அதிகமாகவே திரும்பியது, அது தற்செயலாக இருக்கலாம் என்றாலும்.

‘அமெரிக்க ஆய்வில் தன்னுடல் தாக்கு நோய்களே 22 சதவீதம் குறைந்ததாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. அது ‘வைட்டல்’ ஆய்வு, 2022-இல் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய 25,871 பேர், நாளுக்கு 2,000 யூனிட், ஐந்து ஆண்டுக்கு மேல். வைட்டமின் டி தரப்பில் 123 பேருக்குப் புதிதாக நோய் உறுதியானது; மற்றதில் 155. மூட்டுவாதம், தோல்படை என எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்ட கணக்கு இது. தைராய்டு நோய் தனியாகக் குறைந்ததாக அதில் கிடைக்கவில்லை. அதோடு, அது நோய் இல்லாதவர்களைப் பற்றிய ஆய்வு. ஏற்கெனவே ஹாஷிமோட்டோ உள்ள முப்பது வயதுப் பெண்ணின் மருந்துச் சீட்டுக்கு அதை ஆதாரமாக்குவது முறையல்ல.

மருந்துச் சீட்டு என்று வந்துவிட்டதால் ஒன்றைப் பிரித்தே பார்க்கலாம். ஆள் கற்பனை, அவர் கையில் உள்ள சீட்டு கற்பனை அல்ல, இதுபோல எத்தனையோ பார்க்கலாம். 38 வயது, வங்கியில் வேலை. டிஎஸ்ஹெச் 11, டிபிஓ 620. லெவோதைராக்ஸின் 50 மைக்ரோகிராம் தொடங்குகிறார்கள். கூடவே செலினியம் 200, வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று, கால்சியம் மாத்திரை தினம் ஒன்று. சோர்வுக்கு ஒரு மல்டிவைட்டமின். முடி கொட்டுகிறது என்று தோழி சொன்ன பயோட்டின் கேப்ஸ்யூலும் சேர்ந்துகொள்கிறது. அலுவலக அவசரத்தில் எல்லாவற்றையும் காலை ஏழு மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீரில் விழுங்கி, பத்து நிமிடத்தில் காபி.

இரண்டு மாதம் கழித்து டிஎஸ்ஹெச் 9. இறங்கவே இல்லை என்று சொல்லலாம். இங்கே பழி நோயின் மேல் விழும்: ‘ஆன்டிபாடி அதிகம், அதனால் மருந்து வேலை செய்யவில்லை’. உண்மையான காரணம் குடலில் இருக்கிறது. கால்சியமும் இரும்புச்சத்தும் லெவோதைராக்ஸினைப் பிடித்துவைத்துக்கொண்டு உறிஞ்சவிடாது. காபியும் தன் பங்குக்குத் தடுக்கும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புச்சத்து ஆகியவற்றுக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். காபி, சிற்றுண்டிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி. நல்லது செய்வதற்காகச் சேர்த்த மாத்திரை, வேலை செய்யக்கூடிய ஒரே மாத்திரையை வேலை செய்யவிடாமல் தடுத்துவிட்டது.

பயோட்டின் இதைவிடத் தந்திரமானது. முடிக்கு என்று விற்கும் கேப்ஸ்யூல்களில் 5, 10 மில்லிகிராம் வரை இருக்கும். ஆய்வகக் கருவிகள் பலவற்றில் பயோட்டின்தான் அளவிடும் வேதிவினையின் ஓர் அங்கம் என்பதால், ரத்தத்தில் அது மிதந்தால் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். அப்படி வந்திருந்தால் இவருக்குத் தேவையான மாத்திரையையே குறைத்திருப்பார்கள். சோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்திவிட வேண்டும்; ரத்தம் எடுப்பவரிடமும் சொல்ல வேண்டும்.

செலினியத்தையும் கூட்டிப் பார்க்கலாம். தனிக் கேப்ஸ்யூல் 200, மல்டிவைட்டமினில் 40 என்று வைத்தால் 240. சாப்பாட்டிலிருந்து வருவது ஐம்பது என்றாலும் ஐரோப்பிய வரம்பான 255-ஐத் தாண்டிவிட்டார். எந்த டப்பாவும் தனியாகத் தவறு செய்யவில்லை. கூட்டித்தான் தவறு நடந்தது. 60,000 யூனிட் பொட்டலத்திலும் ஓர் ஆபத்து உண்டு. எட்டு வாரம் என்று எழுதியதை முடிவில்லாமல் தொடர்பவர்களும், வாரத்துக்கு என்றதை நாளுக்கு என்று புரிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், மலச்சிக்கல் என்று வந்து சிறுநீரகத்தில் போய் முடியும்.

இவருடைய சீட்டை நான் திருத்தினால், விடியற்காலை வெறும் வயிற்றில் லெவோதைராக்ஸின் மட்டும். செலினியமும் பயோட்டினும் போகலாம். வைட்டமின் டி ரத்தத்தில் உண்மையிலேயே குறைவு என்றால் எலும்புக்காகவும் தசைக்காகவும் கொடுக்கலாம், எத்தனை வாரம் என்று எழுதி, தைராய்டுக்காக அல்ல. கால்சியம் தேவை என்றால் இரவுச் சாப்பாட்டோடு. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மீண்டும் டிஎஸ்ஹெச், தேவைப்பட்டால் மாத்திரையின் அளவில் மாற்றம்.

இவர் குழந்தைக்குத் திட்டமிடுகிறார் என்றால் இன்னொரு குரலும் காதில் விழும்: ‘கர்ப்பத்துக்குச் செலினியம் ரொம்ப முக்கியம்.’ அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. இத்தாலியில் ஆன்டிபாடி உள்ள கர்ப்பிணிகளுக்குச் செலினியம் கொடுத்தபோது, பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறானவர்கள் ஏறக்குறைய 49 சதவீதத்திலிருந்து 29 ஆகக் குறைந்தார்கள் என்று 2007-இல் எழுதினார்கள். பிரிட்டனில் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தபோது ஆன்டிபாடியில் மாற்றம் தெரியவில்லை. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டி நெறி இரண்டையும் பார்த்துவிட்டு, கர்ப்பிணிகளுக்குச் செலினியத்தைப் பரிந்துரைக்கவில்லை. அதே நெறி அழுத்தமாகச் சொல்வது வேறொன்றை: கர்ப்பம் தெரிந்த உடனே லெவோதைராக்ஸின் தேவை நூற்றுக்கு இருபது முப்பது கூடும். எனவே, நாள் தள்ளிப்போய்ச் சோதனையில் உறுதியானதும் வாரத்துக்கு ஏழாக இருந்த மாத்திரையை ஒன்பதாக்கிக்கொண்டு வந்து பார்க்கச் சொல்லி, அந்தப் பெண்ணிடம் மருத்துவர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிடலாம்.